‘கட்டணமே இல்லை’ என்றால் லாபமா? துபாயிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் முன் போட வேண்டிய கணக்கு

மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பணும். எக்ஸ்சேஞ்சுக்குப் போவதா, பேங்க் ஆப்பில் அனுப்புவதா, போனில் இருக்கும் பணப் பரிமாற்ற ஆப்பா? ஒரே 2,000 திர்ஹாம்தான், ஆனால் அனுப்பும் வழியைப் பொறுத்து வீட்டுக்குப் போய்ச் சேரும் தொகையில் சில நூறு ரூபாய் வித்தியாசம் வருகிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கார்டாகப் பார்க்கலாம்.

1/11 – பணம் போகும் இரண்டு ஓட்டைகள்

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது செலவு இரண்டு இடத்தில் ஆகிறது. ஒன்று, ரசீதில் தெரியும் கட்டணம். இதற்கு மேல் ஐக்கிய அரபு அமீரகத்தில் 5 சதவீத வாட் வரி உண்டு. வரி கட்டணத்துக்கு மட்டும்தான், அனுப்பும் தொகைக்கு அல்ல.

இன்னொன்று, ரசீதில் தனியாகத் தெரியாதது. அதுதான் ரேட்டில் இருக்கும் வித்தியாசம். சந்தையில் ஒரு திர்ஹாம் 24 ரூபாய்க்குப் போகும்போது உங்களுக்கு 23 ரூபாய் 80 காசு கொடுத்தால், ஒவ்வொரு திர்ஹாமிலும் 20 காசு அந்த நிறுவனத்துக்குப் போகிறது. “கட்டணம் இல்லை” என்று பெரிய எழுத்தில் போடும் இடங்களில் லாபம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அதனால் கட்டணத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்யக்கூடாது, ரேட்டை மட்டும் பார்த்தும் முடிவு செய்யக்கூடாது. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “என் கையில் இருந்து இத்தனை திர்ஹாம் போனால், வீட்டு அக்கவுண்ட்டில் எத்தனை ரூபாய் விழும்?”

2/11 – உண்மையான ரேட் எது? நீங்களே கண்டுபிடிக்கலாம்

திர்ஹாமில் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1997-லிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரகம் நிலையாக வைத்திருக்கிறது. தினமும் ஏறி இறங்குவது டாலருக்கும் ரூபாய்க்கும் இடையிலான மதிப்பு மட்டும்தான்.

ஆகவே டாலரின் அன்றைய ரூபாய் மதிப்பை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹாமின் சந்தை ரேட் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, ஒரு டாலர் 88 ரூபாய் 14 காசு என்று வைத்துக்கொள்வோம். 88.14-ஐ 3.6725-ஆல் வகுத்தால் 24 ரூபாய்.

கூகுளில் தேடும்போது காட்டுவதும் ஏறத்தாழ இந்த ரேட்தான். ஆனால் இது பெரிய வங்கிகளுக்குள் நடக்கும் மொத்த வியாபார ரேட். சில்லறையாக அனுப்பும் யாருக்கும் இதே ரேட் அப்படியே கிடைக்காது. இது ஒரு அளவுகோல் மட்டும். எக்ஸ்சேஞ்ச் போர்டில் இருப்பது இதிலிருந்து எத்தனை காசு குறைவு என்று பார்க்கத்தான் இது தேவை.

3/11 – ஒரே 2,000 திர்ஹாம், மூன்று வழி

கீழே உள்ள கட்டணமும் ரேட்டும் கணக்கைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட எண்கள். எந்த நிறுவனத்தின் இன்றைய விலையும் இல்லை. கையில் 2,000 திர்ஹாம், கட்டணமும் அதற்குள்ளேயே. சந்தை ரேட் 24 ரூபாய். எந்தப் பிடித்தமும் இல்லாமல் போனால் 48,000 ரூபாய் வரணும்.

எக்ஸ்சேஞ்ச் கவுண்டர்: கட்டணம் 25 திர்ஹாம், வாட் 1.25. மீதி 1,973.75 திர்ஹாம். ரேட் 23.85. வீட்டுக்குக் கிடைப்பது 47,073 ரூபாய் 94 காசு.

‘கட்டணம் இல்லை’ பேங்க் ஆப்: கட்டணம் 0. ரேட் 23.50. வீட்டுக்குக் கிடைப்பது 47,000 ரூபாய்.

பணப் பரிமாற்ற ஆப்: கட்டணம் 10 திர்ஹாம், வாட் 0.50. மீதி 1,989.50 திர்ஹாம். ரேட் 23.80. வீட்டுக்குக் கிடைப்பது 47,350 ரூபாய் 10 காசு.

கவனித்தீர்களா? மூன்றில் ரேட் அதிகம் எக்ஸ்சேஞ்சில். கட்டணம் குறைவு பேங்க் ஆப்பில். ஆனால் வீட்டுக்கு அதிகம் போனது இந்த இரண்டு வழியிலும் இல்லை. ரேட்டிலும் கட்டணத்திலும் நடுவில் நின்ற மூன்றாவது வழியில்தான்.

4/11 – தொகை மாறினால் முடிவும் மாறும்

இதே ரேட், இதே கட்டணம். தொகையை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

500 திர்ஹாம் அனுப்பினால்: எக்ஸ்சேஞ்சில் 11,298 ரூபாய் 94 காசு. ‘கட்டணம் இல்லை’ ஆப்பில் 11,750 ரூபாய். ஆப்தான் 451 ரூபாய் மேல்.

5,000 திர்ஹாம் அனுப்பினால்: எக்ஸ்சேஞ்சில் 1,18,623 ரூபாய் 94 காசு. ‘கட்டணம் இல்லை’ ஆப்பில் 1,17,500 ரூபாய். இப்போது எக்ஸ்சேஞ்ச் 1,123 ரூபாய் மேல்.

காரணம் எளிது. கட்டணம் தொகை எவ்வளவானாலும் ஏறத்தாழ அதேதான். சின்னத் தொகையில் அது பெரிய கடி. ரேட் வித்தியாசம் அப்படி இல்லை, ஒவ்வொரு திர்ஹாமுக்கும் விழும். தொகை பெருக்கப் பெருக்க அதுவும் பெருகும். இந்த உதாரணத்தில் இரண்டும் சமமாவது சுமார் 1,789 திர்ஹாமில். அதற்குக் கீழே கட்டணம் இல்லாத வழி நல்லது, அதற்கு மேலே ரேட் நல்லா இருக்கும் வழி நல்லது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். கட்டணம் வாங்கும் இடத்தில் 2,000 திர்ஹாமை 1,000, 1,000 என்று இரண்டு தடவை அனுப்பினால் கட்டணம் இரண்டு மடங்கு. முடிந்தவரை ஒரே தடவை அனுப்புவதே சிக்கனம்.

5/11 – பணம் எப்படி நிமிஷத்தில் போய்ச் சேருகிறது?

துபாயில் கட்டிய நோட்டு விமானம் ஏறி வருவதில்லை. பெரிய எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்து, அதில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்கும். இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள ஏற்பாடு இது. பெயர், ‘ரூபாய் டிராயிங் அரேஞ்ச்மென்ட்’.

நீங்கள் கவுண்டரில் திர்ஹாம் கட்டியதும், அந்த ரூபாய்க் கணக்கிலிருந்து உங்கள் வீட்டு அக்கவுண்ட்டுக்கு உள்ளூர் பரிமாற்றம் போல மாற்றிவிடுவார்கள். ஐஎம்பிஎஸ் வழியில் போனால் சில நிமிஷம். நெஃப்ட் வழியில் போனால் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாகப் போகும். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும், ஞாயிறு உட்பட எல்லா நாளும் இயங்குகிறது.

இந்த ஏற்பாட்டில் பணம் அக்கவுண்ட்டில்தான் விழணும், கையில் ரொக்கமாகக் கொடுக்க அனுமதி இல்லை.

6/11 – பேங்கிலிருந்து பேங்குக்கு ஸ்விஃப்ட் வழியில் போனால்?

அமீரக வங்கிகள் சிலவற்றில் ‘வெளிநாட்டுப் பரிமாற்றம்’ என்று கொடுத்தால் அது ஸ்விஃப்ட் வழியில் போகும். அப்போது பணம் நேரே இந்தியா வராமல், நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகளைத் தொட்டு வரலாம். நடுவில் இருக்கும் வங்கியும் தன் பங்கைப் பிடிக்கும்.

படிவத்தில் `OUR`, `SHA`, `BEN` என்று மூன்று எழுத்துக் கட்டம் இருக்கும். `OUR` என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில். `SHA` என்றால் இரண்டு பக்கமும் பங்கு. `BEN` என்றால் எல்லாம் வாங்குபவர் தலையில். “நான் முழுசா அனுப்பினேன், வீட்டுக்குக் குறைஞ்சுதான் வந்திருக்கு” என்ற குழப்பத்துக்குப் பல நேரம் `SHA` கட்டம்தான் காரணம்.

டாலராகவே இந்தியா வந்தால், ரூபாயாக மாற்றுவது இந்திய வங்கி. ரேட்டும் அந்த வங்கியின் ரேட். மாற்றித் தருவதற்கு ஜிஎஸ்டியும் உண்டு: குறைந்தது 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். நேரமும் கூடும், பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வேலை நாள். சனி, ஞாயிறு அமீரகத்தில் விடுமுறை. இந்தியாவில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது. வெள்ளி மாலை அனுப்பியது செவ்வாய் அல்லது புதன் வரலாம்.

வீடு வாங்க, நிலம் வாங்க என்று பெரிய தொகை அனுப்புபவர்களுக்கு இந்த வழி பொருந்தும். மாதச் செலவுக்கு இது சுற்றுவழி.

7/11 – ரொக்கமாகக் கையில் வாங்கும் வழி

அனுப்பியதும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் கிடைக்கும். அதை வீட்டுக்குச் சொன்னால், அவர்கள் அடையாள அட்டையோடு ஊரில் உள்ள ஏஜென்ட் கடையிலோ வங்கியிலோ பணம் வாங்கிக்கொள்ளலாம். நிமிஷக் கணக்கில் முடியும் வேலை. திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பலர் நாடுவது இதைத்தான்.

இதற்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்லைகள் உண்டு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2,500 டாலர், அதாவது சுமார் 9,180 திர்ஹாம். ஒரே ஆள் வருஷத்துக்கு 30 தடவை மட்டுமே வாங்க முடியும். கையில் ரொக்கமாகத் தருவது 50,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் என்றால் அக்கவுண்ட்டிலோ செக்காகவோதான் கிடைக்கும்.

ஆகவே அம்மாவுக்கு 70,000 ரூபாய் ரொக்கமாகக் கிடைக்கும் என்று நினைத்து அனுப்பினால், கவுண்டரில் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியும். இன்னொரு விஷயம், அந்த ரெஃபரன்ஸ் நம்பர் பணத்துக்குச் சமம். வாட்ஸ்அப் குரூப்பில் போடக்கூடாது, வாங்கப் போகும் ஆளுக்கு மட்டும் சொல்லணும்.

8/11 – பணம் ஏன் நடுவில் நிற்கிறது?

“பத்து நிமிஷத்தில் போகும்னு சொன்னாங்க, இரண்டு நாளாச்சு.” இப்படி ஆவதற்கு நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு காரணம் முக்கியம்.

முதலாவது, இனிஷியல். பாஸ்போர்ட்டில் ‘முருகன் செல்வம்’ என்று அப்பா பெயரோடு சேர்த்து இருக்கும். ஊர் பேங்க் புத்தகத்தில் ‘செ. முருகன்’ என்று இருக்கும். மனைவிக்கு அனுப்பும்போதும் இதே கதைதான், ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. இரண்டு பெயரும் ஒரே ஆளா என்று சரிபார்க்கப் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். வாங்குபவர் பெயரைப் பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் கொடுப்பதே இதற்கு வழி.

இரண்டாவது, பழைய ஐஎஃப்எஸ்சி. மொத்தம் 11 இலக்கம், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போட்டால் தவறு. அதைவிட முக்கியம், வங்கிகள் இணைந்ததால் கோட் மாறியது. கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கி அதே ஆண்டு கனரா வங்கியோடு சேர்ந்தது. எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டரில் நீங்கள் முன்பு பதிந்து வைத்த விவரத்தில் பழைய கோட் இன்னும் இருந்தால், பணம் திரும்பி வரும்.

பணம் திரும்பி வந்தால் அன்றைய ரேட்டில் திர்ஹாமாக மாற்றித் தருவார்கள். முதல் கட்டணமும் பல இடங்களில் திரும்பாது. ஊருக்குப் போகாமலேயே நஷ்டம்.

9/11 – ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா?

அறைக்கு அறை நடக்கும் விவாதம் இது. கணக்கு என்ன சொல்கிறது?

2,000 திர்ஹாமில் ரேட் 10 காசு ஏறினால் கூடுதலாகக் கிடைப்பது 200 ரூபாய். ஏறும் என்று உத்தரவாதம் கிடையாது, இறங்கவும் செய்யலாம்.

இன்னொரு பக்கம், ஊரில் 50,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மூணு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 1,500 ரூபாய். ஒரு வாரத்துக்கு 350 ரூபாய். ரேட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்து 10 காசு கிடைத்தாலும், வட்டியில் 350 போய் ரேட்டில் 200 வருகிறது. கையில் 150 ரூபாய் நஷ்டம். கடன் அடைக்க அனுப்பும் பணத்தை நிறுத்தி வைப்பதில் அர்த்தம் இல்லை.

கடன் இல்லாமல் சேமிப்புக்காக அனுப்புபவர்கள் காத்திருக்கலாம். அவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சொந்தப் பெயரில் என்ஆர்இ அக்கவுண்ட் வைத்து, நல்ல ரேட் இருக்கும் நாளில் இரண்டு மூன்று மாதத் தொகையை ஒரே தடவை அதில் போட்டுவிடலாம். பிறகு மாதாமாதம் அங்கிருந்து வீட்டுக்கு ரூபாயாக மாற்றலாம். கட்டணம் ஒரு தடவைதான். அமீரக மொபைல் நம்பரிலேயே என்ஆர்இ அக்கவுண்ட்டை யுபிஐயில் இணைக்கும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன.

10/11 – ‘நல்ல ரேட்’ உண்டியல்: ஆபத்து வீட்டில் இருப்பவருக்கு

“கட்டணம் கிடையாது, போர்டு ரேட்டை விட 20 காசு கூட, ஒரு மணி நேரத்தில் வீட்டில் பணம்.” உண்டியல், ஹவாலா என்று எந்தப் பெயரில் வந்தாலும் இது சட்டத்துக்குப் புறம்பானது. 1999-ம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் வரும் பணத்தை அனுமதி பெற்ற அமைப்பு வழியாக அல்லாமல் இந்தியாவில் வாங்குவதும் குற்றம்தான். தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

அதைவிட உடனடிச் சிக்கல் ஒன்று உண்டு. வீட்டு அக்கவுண்ட்டில் யாரென்றே தெரியாத ஒருவர் பெயரிலிருந்து பணம் விழும். அது ஆன்லைன் மோசடியில் யாரோ இழந்த பணமாக இருந்தால், புகார் வந்ததும் போலீஸ் கேட்டுக்கொண்டபடி வங்கி அந்த அக்கவுண்ட்டை முடக்கும். உங்கள் மனைவியோ அம்மாவோ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும். 2,000 திர்ஹாமில் 20 காசு என்பது 400 ரூபாய். முடக்கப்படுவது அக்கவுண்ட்டில் இருக்கும் மொத்தப் பணமாகவும் இருக்கலாம்.

11/11 – அனுப்பும் முன் இரண்டு நிமிஷம்

டாலர் ரேட்டை 3.6725-ஆல் வகுத்து சந்தை ரேட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு மூன்று இடத்தில் ஒரே தொகையைச் சொல்லி, “கட்டணம், வாட் எல்லாம் இதற்குள்ளேயே, வீட்டுக்கு எத்தனை ரூபாய்?” என்று கேளுங்கள். ஆப் என்றால், உறுதி செய்யும் முன் கடைசித் திரையில் இந்தத் தொகை தெரியும். மூன்றையும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் பார்த்த ரேட்டையும் மாலையில் பார்த்த ரேட்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

“முதல் தடவைக்கு மட்டும்” என்று தரும் சலுகை ரேட்டைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்த ரேட் இருக்காது.

பெயரும் ஐஎஃப்எஸ்சியும் இப்போதைய பாஸ்புக்கில் உள்ளபடி இருக்கிறதா என்று வீட்டில் ஒரு போட்டோ கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். உங்கள் சொந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அது என்ஆர்இ அல்லது என்ஆர்ஓவாக இருக்கணும். ஊரில் இருந்தபோது தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கு, வேலைக்காக வெளிநாடு வந்த பிறகு செல்லாது, வங்கியில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பணம் விழுந்ததாக வீட்டிலிருந்து தகவல் வரும் வரை ரசீதை எறியாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால், பணம் எங்கே இருக்கிறது என்று தேட அந்த ரசீதில் உள்ள நம்பர்தான் உதவும்.